பத்து நாள் விளம்பரமும் பன்னிரண்டு ஆர்டரும்

கல்லூரி தொழில்முனைவோர் போட்டி எதிலாவது உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த ஸ்லைடு பழக்கமாகியிருக்கும். "பத்தே நாள். ஐந்தாயிரம் ரூபாய். ஆயிரம் கிளிக். பன்னிரண்டு ஆர்டர். சந்தை நிரூபணமாகிவிட்டது!" அடுத்த ஸ்லைடில் ஐந்தாயிரம் ஐந்து லட்சமாகும், பன்னிரண்டு ஆயிரத்து இருநூறாகும். நடுவர்கள் தலையாட்டுவார்கள், கைதட்டல் விழும். அதே போட்டியின் கடைசி வரிசையில் இன்னொரு கோஷ்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களும் பத்து நாள் விளம்பரம் செய்தவர்கள்தான். ஒரு ஆர்டரும் வரவில்லை, அதனால் கடையைக் கட்டிவிட்டார்கள்.

இரண்டு கோஷ்டியும் செய்தது ஒரே தப்பு. அந்தப் பத்து நாள் சொல்லாததை அது சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து நாள் நிஜமாகவே சொன்ன ஒரு விஷயத்தை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். ஆனால் இடமும் சரக்கும் நிஜம்.

புன்னக்காயல் கருவாடு

தாமிரபரணி கடலில் சேருமிடம் புன்னக்காயல். இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். மீன்பிடிதான் ஊரின் பிழைப்பு. அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் படித்துக்கொண்டே ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெத்திலிக் கருவாட்டைச் சுத்தம் செய்து, காற்றுப் புகாமல் அரைக் கிலோ பாக்கெட் போட்டு, சென்னை, கோவைக்குக் கூரியரில் அனுப்புவது திட்டம். பாக்கெட் 450 ரூபாய். மீன் விலை, உப்பு, கூலி, பாக்கெட், கூரியர் எல்லாம் போகக் கையில் நிற்பது 150 ரூபாய்.

ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் பத்து நாள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுக்கிறார்கள். கிளிக் ஒன்றுக்கு 5 ரூபாய் ஆகிறது. ஆயிரம் கிளிக், பன்னிரண்டு ஆர்டர். ஆயிரத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 1.2 சதவீதம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 417 ரூபாய்.

இந்த 1.2, 417 இரண்டும்தான் ஸ்லைடில் ஏறும் எண்கள். இரண்டுமே பார்க்கிற அளவுக்கு உறுதியானவை அல்ல.

பன்னிரண்டு என்பது பன்னிரண்டு அல்ல

இதே விளம்பரத்தை, இதே மாதிரி ஆட்களிடம், இன்னொரு பத்து நாள் ஓட்டினால் மறுபடியும் பன்னிரண்டுதான் வருமா? எட்டு வரலாம், பதினேழு வரலாம். வாங்குவது என்பது அபூர்வமாக நடக்கும் சம்பவம். அபூர்வ சம்பவங்களின் எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும், அதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு முறை எண்ணியதில் பன்னிரண்டு கிடைத்தால், அடியில் இருக்கும் உண்மையான சராசரி ஏறக்குறைய 6லிருந்து 21 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது வழக்கமான 95 சதவீதக் கணக்கு.

இதை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். நிஜம் 21 என்றால் ஒரு வாடிக்கையாளருக்குச் செலவு 240 ரூபாய்க்குக் கிட்ட. நிஜம் 6 என்றால் 800 ரூபாய்க்கு மேல். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இதில் நடுவே ஒரு புள்ளியை எடுத்து, "எங்கள் செலவு 417 ரூபாய்" என்று மூன்று இலக்கத் துல்லியத்தில் சொல்வது, முழத்தால் அளந்துவிட்டு மில்லிமீட்டரில் எழுதுவது மாதிரி.

ஆனாலும் ஒன்று உறுதி

இங்கேதான் சின்ன விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்பவர்களும் சறுக்குகிறார்கள். "சாம்பிள் சின்னது, ஒன்றும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் தப்பு.

விளம்பரச் செலவு முதல் ஆர்டரிலேயே திரும்ப வர வேண்டுமென்றால், ஒரு வாடிக்கையாளருக்கு 150 ரூபாய்க்கு மேல் ஆகக்கூடாது. ஐந்தாயிரத்துக்கு 33 ஆர்டர் வந்திருக்க வேண்டும். வந்தது 12. உண்மையான சராசரி 33ஆக இருந்து, வெறும் துரதிர்ஷ்டத்தால் 12க்கு இறங்கியிருக்குமா? நடைமுறையில் அதற்கு வாய்ப்பே இல்லை. நமக்கு மிகவும் சாதகமான 21ஐ எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு முதல் ஆர்டரிலும் 90 ரூபாய் நஷ்டம்.

ஆக, பத்து நாள் விளம்பரம் உறுதியாகச் சொன்னது இதுதான்: இந்த விலையில், இந்த விளம்பரத்தில், முதல் விற்பனையில் லாபம் இல்லை. ஒருவர் ஒரு தடவை வாங்கிவிட்டுப் போனால் கம்பெனி தேறாது. சராசரியாக ஒருவர் மூன்று தடவையாவது வாங்கினால்தான் போட்ட 417 வரும். சாதகமாகப் பார்த்தால் இரண்டு தடவைக்குக் கொஞ்சம் குறைவு, பாதகமாகப் பார்த்தால் ஐந்துக்கும் மேல்.

எண் சின்னதோ பெரியதோ, கேட்கிற கேள்விக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதுதான் முக்கியம். 33க்கும் 12க்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது, அதைப் பன்னிரண்டு ஆர்டரே காட்டிவிடும். 12க்கும் 15க்கும் நடுவில் உள்ள தூரத்தை அதனால் காட்ட முடியாது.

மறுபடி வாங்குவார்களா?

அடுத்த கேள்வி தானாக வருகிறது. அவர்கள் மறுபடி வாங்குவார்களா? இதற்குப் பத்து நாள் பதில் சொல்லவே முடியாது. காரணம் புள்ளியியல் இல்லை, சமையலறை. அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு ஒரு வீட்டில் ஒரு மாதம் வரும். பத்தாம் நாள் பாக்கெட்டே தீர்ந்திருக்காது. கம்பெனியின் உயிர் எந்தக் கேள்வியில் இருக்கிறதோ, அந்தக் கேள்வி விளம்பரம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் பிறக்கிறது. அதற்குள் ஸ்லைடு தயாராகிவிட்டது, பரிசும் கொடுத்தாகிவிட்டது.

எந்த விளம்பரம் ஜெயித்தது?

ஸ்லைடின் மூன்றாவது வரி எப்போதும் இதுதான்: "இரண்டு விளம்பரம் ஓட்டினோம். கடற்கரையில் கருவாடு காயும் படத்துக்கு எட்டு ஆர்டர், தட்டில் பொரித்து வைத்த படத்துக்கு நான்கு. ஆகவே கடற்கரைப் படம் இரட்டிப்பு வெற்றி."

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பன்னிரண்டு தடவை சுண்டுங்கள். நல்ல நாணயம்தான், கோளாறு இல்லை. எட்டுக்கு நான்கு என்றோ அதைவிட மோசமாகவோ பிரிவதற்கு வாய்ப்பு சுமார் 39 சதவீதம். இரண்டு படமும் துல்லியமாக ஒரே திறமை கொண்டவை என்றாலும், பத்துப் போட்டியில் ஏறக்குறைய நான்கில் இப்படி ஒரு "வெற்றியாளர்" கிடைப்பார்.

நிஜமாகவே ஒன்று மற்றொன்றைவிட இரட்டிப்பு என்று நிரூபிக்க எவ்வளவு வேண்டும்? ஒன்றில் 0.8 சதவீதம், மற்றதில் 1.6 சதவீதம் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கிட்டத்தட்ட மூவாயிரம் கிளிக் வேண்டும். இரண்டுக்கும் ஆறாயிரம், அதாவது முப்பதாயிரம் ரூபாய். இது இரட்டிப்பு வித்தியாசத்துக்கு. கால் பங்கு வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் செலவு லட்சங்களில் போகும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விளம்பரத் தளம் இரண்டு படத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சமமான ஆட்களுக்குக் காட்டுவதில்லை. எது யாருக்கு எடுபடும் என்று அதுவே ஊகித்துப் பிரிக்கிறது. ஒன்று இளைஞர்களிடம் போயிருக்கும், மற்றது குடும்பத் தலைவிகளிடம் போயிருக்கும். அப்புறம் ஒப்பிடுவது படத்தையா, ஆட்களையா? போதாததற்கு, அந்த ஊகம் நிலைப்பட ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 ஆர்டராவது வேண்டும் என்று ஃபேஸ்புக் வெகுகாலமாகச் சொல்லிவந்தது. பத்து நாளில் பன்னிரண்டு வந்த விளம்பரம் அந்தப் பயிற்சிக் கட்டத்தையே தாண்டவில்லை. எல்.கே.ஜி. மார்க்கை வைத்துப் பிளஸ் டூ ரிசல்ட் சொல்கிறார்கள்.

விளம்பரம்தான் விற்றதா?

பன்னிரண்டு பேரின் விலாசத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் நான்கு பேர் புன்னக்காயலிலிருந்து சென்னைக்குப் போய் செட்டிலான சொந்தக்காரர்களாக இருப்பார்கள். "நம்ம பயலுவ ஆரம்பிச்சிருக்கானுவ" என்று வாங்கியவர்கள். விளம்பரத்தைக் கிளிக் செய்துதான் வாங்கினார்கள், பொய்யில்லை. ஆனால் விளம்பரம் இல்லாவிட்டால் ஒரு போன் போட்டு வாங்கியிருப்பார்கள். கணக்கில் வர வேண்டியது எட்டு. அப்படியானால் ஒரு வாடிக்கையாளரின் விலை 625 ரூபாய்.

சொந்தக்காரர்கள் சமாச்சாரம் சின்னக் கம்பெனிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 2012இல் ஈபே நிறுவனம், தன் பெயரையே தேடுபவர்களுக்குக் காட்டும் தேடுபொறி விளம்பரத்தை ஒரு சோதனையாக நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்கில் 99.5 சதவீதம், விளம்பரமில்லாத சாதாரணத் தேடல் முடிவு வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. வரப்போகிறவர்களுக்கே காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது.

அதே 2015இல் ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் இருபத்தைந்து பெரிய விளம்பரச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தவை. ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தைக் காட்டி, இன்னொரு பகுதியினருக்குக் காட்டாமல், முறையாகச் செய்தவை. அப்படியும் விளம்பரத்துக்குப் போட்ட பணம் லாபமா நஷ்டமா என்பதைத் துல்லியமாகச் சொல்வது மிகக் கடினம் என்றுதான் முடித்தார்கள். மனிதர்கள் வாங்கும் தொகை ஆளுக்கு ஆள் அவ்வளவு ஏறி இறங்குகிறது, விளம்பரத்தின் பங்கு அதற்குள் மூழ்கிப்போகிறது. அமெரிக்காவின் பெரிய கடைகளுக்கே இந்தப் பாடு. ஐந்தாயிரம் ரூபாயில் "ஒரு ரூபாய் போட்டால் ஒரு ரூபாய் எட்டுப் பைசா வருகிறது" என்று ஸ்லைடு போடுகிறவருக்கு என்ன சொல்வது? (12 ஆர்டருக்கு 5,400 ரூபாய் விற்பனை, அதை 5,000ஆல் வகுத்தால் வருவது அந்த 1.08. விற்பனையை லாபம் மாதிரிக் காட்டும் பழைய வித்தை.)

எந்தப் பத்து நாள்?

பத்து நாள் என்பதே ஒரு கோணல் அளவு. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் அதற்குள் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு வரும். திங்கட்கிழமை ஆரம்பித்தால் ஒரு சனி, ஒரு ஞாயிறுதான். சமையல் சாமான் வாங்குவது வார இறுதியில் என்றால், ஆரம்பித்த கிழமையே ரிசல்ட்டைத் தீர்மானித்துவிடும். நாளைக்கு 350 ரூபாய் வீதம் பதினான்கு நாள் ஓட்டினால் செலவு 4,900தான், கிழமைக் கோணலும் தீர்ந்தது. இதற்குக் கூடுதலாக ஒரு பைசா வேண்டாம், காலண்டர் போதும்.

கிழமையைவிடப் பெரியது மாதம். சம்பளம் வந்த முதல் வாரமும் இருபத்தைந்தாம் தேதியும் ஒன்றல்ல. புரட்டாசியில் பல வீடுகளில் மீன் வாசனையே ஆகாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் வரத்து குறைந்து விலை ஏறும்போது கருவாட்டுக்குத் தேவையும் மாறும், கொள்முதல் விலையும் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மீன் காய்வதே பெரும்பாடு. மாசி மாத வெயிலில் பத்து நாள் ஓட்டிவிட்டு வருஷம் முழுவதற்கும் கணக்குப் போட்டால், அந்த 150 ரூபாய் லாபமே ஐப்பசியில் இருக்குமா என்று தெரியாது. பன்னிரண்டு பாக்கெட் என்பது ஆறு கிலோ. ஆறு கிலோவை வீட்டு மொட்டை மாடியிலேயே காயவைக்கலாம். அறுநூறு கிலோவை ஏலத்தில் எடுத்துக் காயவைப்பது வேறு தொழில்.

ஐந்து லட்சத்துக்கு 1,200 ஆர்டர் என்ற பெருக்கல் விழுவதும் இதனால்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரத் தளம் முதலில் தேடிப்பிடிப்பது சீக்கிரம் வாங்கக்கூடியவர்களை. நெத்திலிக் கருவாட்டுக்கு ஏங்குகிற, சென்னையில் வாழ்கிற தென்மாவட்டக்காரர்கள் முதலில் அகப்படுவார்கள். அவர்கள் தீர்ந்ததும் அடுத்த ஆளுக்கு விலை கூடும்.

பூஜ்யம் வந்தவர்களுக்கு

இப்போது கடைசி வரிசைக் கோஷ்டி. ஆயிரம் கிளிக்கில் ஒரு ஆர்டரும் இல்லை. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். 3 / 1000, அதாவது 0.3 சதவீதம். உண்மையான விகிதம் அதற்குக் கீழே என்று சொல்லலாம். அது வலுவான முடிவுதான்.

ஆனால் எதைப் பற்றிய முடிவு? இந்தப் படம், இந்த விலை, இந்த இணையப் பக்கம், இந்த ஆட்கள், எல்லாம் சேர்ந்த சங்கிலியைப் பற்றியது. கருவாட்டைப் பற்றியது அல்ல. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பூஜ்யம் சொல்லாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் விலையைப் பார்த்தார்கள், எத்தனை பேர் பணம் கட்டும் பக்கம் வரை போனார்கள் என்று படிப்படியாக எண்ணினால்தான் தெரியும். நாற்பது பேர் பணம் கட்டும் பக்கம் வரை போய் நாற்பது பேரும் திரும்பியிருந்தால், குற்றவாளி கருவாடு அல்ல, அந்தப் பக்கம்.

விளம்பரம் தோற்றுக் கம்பெனி ஜெயித்த கதையும் உண்டு. டிராப்பாக்ஸ் ஆரம்ப காலத்தில் கூகுளில் விளம்பரம் செய்து பார்த்தது. 99 டாலர் சரக்கை விற்க ஒரு வாடிக்கையாளருக்கு 233 முதல் 388 டாலர் வரை ஆனது என்று அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே 2010இல் சொன்னார். ஆனால் பயன்படுத்தியவர்கள் நண்பர்களை அழைத்து வந்தார்கள். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பதிவு 2010 ஜனவரியில் நாற்பது லட்சமானது. விளம்பரச் சோதனை பொய் சொல்லவில்லை, "இந்த வழி வேண்டாம்" என்றது. "இந்தச் சரக்கு வேண்டாம்" என்று அது சொல்லவே இல்லை.

காசில்லாதவன் என்ன செய்வான்?

"இதெல்லாம் பேச நன்றாக இருக்கும். முப்பதாயிரம் இருந்தால் ஏன் ஐந்தாயிரத்தில் செய்கிறோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில்: சின்னப் பணத்தால் அளக்க முடியாது, ஆனால் கண்டுபிடிக்க முடியும். இரண்டும் வேறு வேலை.

பத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு குறை தோன்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேரிடம் பேசினால் ஒருவர்கூட அதைச் சொல்லாமல் விடுவதற்கு வாய்ப்பு 4 சதவீதம்தான். ஆயிரம் கிளிக்கில் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் பதினோரு பேர் "மண் இருக்குமா?" என்று கேட்டிருந்தால், அது ஸ்லைடில் இருக்கும் எல்லா எண்ணையும்விட மதிப்பானது. மணலில் காயப்போட்ட கருவாட்டை வாங்கி ஏமாந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. அப்போது எடுபட வேண்டிய படம் கடற்கரை மணல் அல்ல, மேடையிலோ வலையிலோ காயும் மீன். எட்டுக்கு நான்கு என்று "ஜெயித்த" படம் அந்தப் பதினோரு பேரைத் துரத்தியிருக்கவும் கூடும்.

அதே போல, பன்னிரண்டு பாக்கெட்டில் மூன்று கிழிந்து போய்ச் சேர்ந்தால், பாக்கெட் சரியில்லை என்று முடிவு கட்ட ஆயிரம் பாக்கெட் தேவையில்லை.

ஆக, செய்ய வேண்டியது மூன்றே காரியம். முதலாவது, விளம்பரம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதித் தேதி போட்டு வைப்பது: எத்தனை ஆர்டருக்குக் கீழே போனால் இந்த விலையை விடுவோம், எந்தக் கேள்விக்கு இதில் பதில் தேடவே மாட்டோம் என்று. எண் வந்த பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி கோடு நகரும். இரண்டாவது, வாங்கிய ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரிந்தது என்று கேட்டு, சொந்தக்காரர்களைத் தனியாக எழுதுவது. மூன்றாவது, நாற்பதாம் நாள் பன்னிரண்டு பேருக்கும் போன் போடுவது. பாக்கெட் தீர்ந்ததா, அடுத்தது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது. அதில் நான்கு பேர் மறுபடி வாங்கினார்கள் என்றாலும் அது மூன்றில் ஒரு பங்கு என்று பீற்றிக்கொள்ள முடியாது. நிஜம் பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றில் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டில் ஒருவர்கூட வாங்கவில்லை என்றால், சராசரியாக மூன்று தடவை வாங்க வேண்டும் என்ற கணக்குக்கு அது மரண அடி.

பத்து நாள், ஐந்தாயிரம் ரூபாய்: இதில் வாங்கக் கிடைப்பது "இது ஆகாது" என்ற பதிலும், அதுவரை தோன்றாத சில கேள்விகளும். "இது ஆகும்" என்ற பதில் அந்த விலைக்குக் கடையில் இல்லை. கிடைத்தது என்று யாராவது மேடையில் சொன்னால், நடுவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேருக்கு மறுபடி போன் போட்டீர்கள்?